ஒரே வீட்டில் பருத்த தாயும் வளராத குழந்தையும்: இது உணவு மிகுதியா, பற்றாக்குறையா?

நகர்ப்புறச் செவிலி (திருப்பூர்)

பதினொரு ஆண்டுகளாகத் திருப்பூரில் சுகாதாரச் செவிலியராக வேலை பார்க்கிறேன். சென்ற மாதம் ஒரே வீட்டில் எடுத்த இரண்டு அளவுகள் மனத்தை விட்டு அகலவில்லை. அந்தத் தாயின் சம்மதத்தோடு, அடையாளம் தெரியாத வகையில் இங்கே எழுதுகிறேன்.

தாய்க்கு வயது 34. உயரம் 148 செ.மீ., எடை 62 கிலோ, ஹீமோகுளோபின் 9.1. எடையையும் உயரத்தையும் வைத்துக் கணக்கிட்டால் பி.எம்.ஐ. 28க்கு மேல் வருகிறது. நான்கு வயது நிறைந்த அவருடைய மகளின் உயரம் 92 செ.மீ., எடை 12.8 கிலோ. வயதுக்கேற்ற எடையை மட்டும் குறிக்கும் அட்டையில் குழந்தை பச்சைக் கட்டத்துக்குள் நிற்கிறாள், ஆகவே யாரும் கவலைப்படவில்லை. ஆனால் உலக சுகாதார நிறுவனத்தின் அளவுகோலின்படி நான்கு வயதுப் பெண் குழந்தைக்கு 94.1 செ.மீ.க்குக் கீழே உயரம் இருந்தால் அது வளர்ச்சிக் குறைவு. சுவரில் நாடாவை ஒட்டி, குதிகால் சுவரில் படும்படி நிற்கவைத்து மூன்று முறை அளந்தேன். மூன்று முறையும் 92தான் வந்தது.

தாய் என்னிடம் சொன்னது இது: "அக்கா, நான் ரெண்டு வேளைதான் சாப்பிடுறேன். வியாழன், வெள்ளியில அதுவும் சரியா இல்லை. எப்படி எனக்கு உடம்பு போடுது?" அவர் பொய் சொல்லவில்லை என்பது எனக்குத் தெரியும். பருத்த தாயும் இரத்தசோகையும் வளராத குழந்தையும் ஒரே அடுப்பிலிருந்து வருவது எப்படி என்று இங்குள்ளவர்கள் விளக்க வேண்டும்.

தறிக்காரர் (பல்லடம்)

காரணம் வெளிப்படையாகத் தெரிகிறதே, அம்மா. மூன்று வேளையும் ரேஷன் அரிசி. நம் பாட்டி காலத்தில் கம்பும் சோளமும் ராகியும் தின்றோம்; யாருக்கும் தொப்பை இல்லை, சர்க்கரை நோய் இல்லை. இலவச அரிசி வந்த பிறகுதான் இந்த நிலைமை. அந்த வீட்டில் அரிசியை நிறுத்திவிட்டுச் சிறுதானியத்துக்கு மாறச் சொல்லுங்கள், இரண்டு பிரச்சினையும் ஒன்றாகத் தீரும்.

கணக்கப்பிள்ளை

ஐயா சொல்வதில் ஒரு பாதி சரி. தீட்டிய அரிசியில் இரும்பும் நார்ச்சத்தும் குறைவு, ராகியில் சுண்ணாம்புச் சத்து மிக அதிகம். ஆனால் கலோரியைப் பார்த்தால் ஒரு கிலோ கம்புக்கும் ஒரு கிலோ அரிசிக்கும் பெரிய வேறுபாடு கிடையாது. பாட்டி காலத்தில் யாரும் பருக்காமல் இருந்ததற்குக் கம்பு மட்டும் காரணம் இல்லை. கிடைத்தது குறைவு, உழைத்தது அதிகம்.

மலிவு என்பதை நான் வேறு விதமாகக் கணக்கிட்டுப் பார்க்கிறேன். ஆயிரம் கலோரி வாங்க எவ்வளவு ரூபாய் ஆகிறது? ரேஷனில் பாமாயில் லிட்டர் 25 ரூபாய். அதில் எட்டாயிரம் கலோரிக்கு மேல் இருக்கிறது, ஆக ஆயிரம் கலோரி மூன்று ரூபாய். சர்க்கரை கிலோ 25 ரூபாய். ஆயிரம் கலோரி ஆறேகால் ரூபாய். அரிசி 2011 முதல் இலவசம். முட்டை ஒன்று ஆறு ரூபாய் என்று வைத்துக்கொண்டால் அதில் எழுபது கலோரிதான். ஆயிரம் கலோரிக்கு எண்பது ரூபாயைத் தாண்டிவிடும். பதினைந்து ரூபாய்க்கு வாங்கும் ஒரு கட்டுக் கீரையில் கலோரி என்று சொல்ல ஒன்றுமே இல்லை, இருநூறு ரூபாய்க்குக் கீரை வாங்கினாலும் ஆயிரம் கலோரி வராது.

கையில் பணம் குறைவாக இருக்கும் ஒருவர் முதலில் வயிற்றை நிரப்பத்தான் பார்ப்பார். அரிசி, எண்ணெய், சர்க்கரை மூன்றும் வயிற்றை மிகக் குறைந்த செலவில் நிரப்புகின்றன. உடல் கட்டுவதற்குத் தேவையான பொருள்கள் எல்லாம் அந்த விலைப் பட்டியலின் மறுமுனையில் இருக்கின்றன. ரேஷனில் துவரம் பருப்பு கிலோ 30 ரூபாய்க்குக் கிடைக்கிறதே என்று கேட்பீர்கள். ஓர் அட்டைக்கு மாதம் ஒரு கிலோதான். நான்கு பேர் வீட்டில் ஆளுக்கு நாளொன்றுக்கு எட்டு கிராம், அதிலிருந்து வரும் புரதம் இரண்டு கிராம்கூட இல்லை. வெளியே வாங்கினால் அதே பருப்பின் விலை நான்கைந்து மடங்கு.

எடைகுறைப்பான்

எனக்கும் பி.எம்.ஐ. 29. கணினியில் உட்கார்ந்தே வேலை. காலை உணவை விட்டுவிட்டு பேலியோ முறையில் இறைச்சியும் முட்டையும் மட்டும் சாப்பிடலாம் என்று இருக்கிறேன். அந்தப் பெண்மணிக்கும் அதைச் சொல்லலாமா? எத்தனை கிலோ குறையும்?

நகர்ப்புறச் செவிலி (திருப்பூர்)

தம்பி, இந்த இழை எடை குறைப்பதைப் பற்றியது அன்று. அவர் காலை உணவை ஏற்கெனவே விட்டுக்கொண்டுதான் இருக்கிறார், விரும்பி அல்ல. உங்கள் கேள்விக்குத் தனி இழை தொடங்கினால் விவரம் தெரிந்தவர்கள் பதில் சொல்வார்கள்.

கணக்கப்பிள்ளை ஐயாவின் கணக்கோடு அந்த வீட்டின் ஒரு நாளைச் சேர்த்துச் சொல்கிறேன். பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை, ஒன்றரை ஷிப்ட். விடியற்காலை ஒரு டீ. கணவருக்கும் பெரிய பையனுக்கும் சோறு கட்டிக் கொடுத்துவிட்டு ஓடுகிறார். பதினொரு மணிக்குக் கம்பெனியில் டீ, மதியம் சோறும் ரசமும் உருளைக்கிழங்கு வறுவலும், மாலை டீயோடு இரண்டு போண்டா, ஏழு மணிக்கு மறுபடியும் டீ, இரவு வீடு திரும்பிய பிறகு சோறும் மீதியிருக்கும் குழம்பும், வேலை முடிந்து படுக்குமுன் ஒரு டீ. ஐந்து டீயும் டீயாகக் கணக்கில் வருவதில்லை என்பதுதான் விஷயம். நான் அவரோடு உட்கார்ந்து அளந்து பார்த்தேன். இரண்டு வேளைச் சோற்றில் முந்நூறு கிராம் அரிசி, அதாவது ஆயிரத்து ஐம்பது கலோரி, எண்ணெயில் முந்நூறு, ஐந்து டீயின் பாலிலும் சர்க்கரையிலும் நானூற்றைம்பது, போண்டாக்களில் ஏறத்தாழ இருநூற்றைம்பது. ஆக மொத்தம் இரண்டாயிரத்தைத் தாண்டுகிறது. நின்றும் உட்கார்ந்தும் துணியைப் புரட்டிப் பார்க்கும் வேலைக்கு அவ்வளவு தேவைப்படாது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் அதிக உடலுழைப்பு இல்லாத பெண்ணுக்குச் சொல்வது 1660 கலோரி. ஆனால் அந்த இரண்டாயிரத்தில் ஒரு கீரை இல்லை, ஒரு முட்டை இல்லை, பழம் இல்லை.

குழந்தையைப் பாட்டி பார்த்துக்கொள்கிறார். மூட்டுவலியால் அங்கன்வாடிக்குக் கொண்டுபோய் விடுவது வாரத்தில் இரண்டு மூன்று நாள்தான். மற்ற நாட்களில் காலையில் டீயில் நனைத்த பிஸ்கட், பத்தரை மணிக்கு அழுதால் ஐந்து ரூபாய் சிப்ஸ், மதியம் இரண்டு வாய் ரசச் சோறு. சோறு வேண்டாம் என்று வாயை மூடிக்கொள்கிறாள் என்று பாட்டி குறைபடுகிறார்.

ஓவர்லாக்_அக்கா

செவிலியர் அம்மா எழுதியதைப் படித்ததும் என் வீட்டைப் பார்த்தது போல இருந்தது. நானும் கம்பெனிதான். எங்களுக்குச் சனிக்கிழமை சம்பளம். சனி இரவு பரோட்டா, ஞாயிறு கோழிக்கறி. அன்றைக்குப் பிள்ளைகளும் நானும் வயிறு கொள்ளாத அளவுக்குச் சாப்பிடுவோம், ஏனென்றால் அடுத்தது எப்போது என்று உள்ளுக்குள் ஒரு நினைப்பு இருக்கும். திங்கள் செவ்வாய் காய்கறி உண்டு. புதனுக்குப் பிறகு தக்காளி ரசம். வெள்ளிக்கிழமை பெரும்பாலும் பிள்ளைகளுக்குப் போட்டுவிட்டு, சட்டியில் ஒட்டியிருப்பதில் தண்ணீர் ஊற்றிக் குடித்துவிட்டுப் படுப்பேன். ஆர்டர் இல்லாமல் வாரம் மூன்று நாள் மட்டும் வேலை வந்தபோது இது செவ்வாய்க்கிழமையே தொடங்கியது. அந்த ஆறு மாதத்தில் எனக்கு நான்கு கிலோ கூடியது. கம்பெனியில் கூட வேலை செய்பவர்கள் "நல்லாத்தான் சாப்பிடுற" என்று சொல்லும்போது பதில் சொல்ல வாய் வராது.

ஒரு கேள்வி. பிள்ளைக்குக் கொடுக்கும் ஐந்து ரூபாய் பொட்டலம் மலிவானதா, விலை கூடியதா?

கணக்கப்பிள்ளை

அக்கா, நல்ல கேள்வி, என் கணக்கில் இருந்த ஓட்டையை அது காட்டுகிறது. நான் வாங்கிப் பார்த்த சிப்ஸ் பொட்டலத்தில் 14 கிராம்தான் இருந்தது. ஏறத்தாழ எழுபத்தைந்து கலோரி. அந்த விலையில் ஆயிரம் கலோரி வாங்க அறுபது ரூபாய்க்கு மேல் ஆகும். முட்டையைவிடக் கொஞ்சம்தான் குறைவு. கலோரிக் கணக்கில் அது மலிவே அன்று. ஆனால் ஐந்து ரூபாய் நாணயத்தை நீட்டி உடனே வாங்கிக் கையில் கொடுக்கலாம், சமைக்க வேண்டாம், அழுகை நிற்கும். ஏழை வீட்டுக்கு மலிவு என்பது கிலோவுக்கு எவ்வளவு என்பது மட்டும் அன்று, இன்றைக்குக் கையில் இருப்பதற்கு எது கிடைக்கும் என்பதும்தான். பொருளாதாரத்தில் இதைப் பற்றி நிறைய எழுதலாம், ஆனால் நீங்கள் கேட்டதற்கு இது போதும் என்று நினைக்கிறேன்.

சமூக மருத்துவர்

தாமதமாக வருகிறேன். இங்கே மூன்று கேள்விகள் கலந்து கிடக்கின்றன.

முதலில் குழந்தை. உயரம் குறைவது இன்று நேற்று நடந்ததாக இருக்காது; பெரும்பகுதி கருவில் இருந்த மாதங்களிலும் முதல் இரண்டு ஆண்டுகளிலும் நிகழ்ந்திருக்கும். ஆறு மாதத்துக்குப் பிறகு தாய்ப்பாலோடு கொடுக்கும் உணவு கஞ்சித்தண்ணீராகவும் பிஸ்கட்டாகவும் இருந்தால் சிறிய வயிறு நிரம்பிவிடும், புரதமும் துத்தநாகமும் இரும்பும் போய்ச் சேராது. அதோடு அடிக்கடி வயிற்றுப்போக்கு வந்தால், உடல் கிடைத்ததை உயிர் காக்கச் செலவிட்டு, எலும்பு வளர்வதை நிறுத்தி வைக்கும். எடை அப்படி இல்லை. நாலு வாரம் நன்றாகச் சாப்பிட்டால் ஏறிவிடும். அதனால்தான் எடை அட்டை பச்சையில் இருக்கும்போதே நாடா வேறு கதை சொல்கிறது. "அப்பா அம்மா குள்ளம், அதுதான்" என்று விட்டுவிடுவது வழக்கம். அந்தத் தாயின் 148 செ.மீ.யே அவருடைய சிறுவயதுப் பசியின் அளவாக இருக்கலாம் என்பதை யாரும் நினைப்பதில்லை.

இரண்டாவது தாய். புணேயில் யாஜ்னிக் என்ற மருத்துவரின் ஆய்வுக் குழுவினர் கிராமப்புறக் குழந்தைகளைப் பிறந்தவுடன் அளந்து இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டன் குழந்தைகளோடு ஒப்பிட்டார்கள். அங்கே சராசரி எடை மூன்றரைக் கிலோ, இங்கே ஏறத்தாழ 2.7. தசையும் வயிற்று உறுப்புகளும் நன்றாகவே சிறுத்திருந்தன, ஆனால் தோலுக்கடியிலுள்ள கொழுப்பு அந்த அளவுக்குக் குறையவில்லை. மெலிந்து பிறந்தாலும் கொழுப்பைக் காத்து வைத்திருக்கும் உடல் அது. அப்படிப் பிறந்து வளர்ந்த ஒருவரிடம் தசை குறைவு. பின்னாளில் எண்ணெயும் சர்க்கரையும் கூடுதலாக வரும்போது அவை முதலில் இடுப்பில்தான் சேரும். எனவே அவருக்குச் சராசரி வெள்ளைக்கார உடலின் அளவுகோல் பொருந்தாது, ஆசியர்களுக்குப் பி.எம்.ஐ. 23ஐத் தாண்டினாலே கவனிக்க வேண்டும் என்பதும், பெண்களுக்கு இடுப்புச் சுற்றளவு 80 செ.மீ. என்பதும் இதை ஒட்டித்தான் வந்தன.

பருத்த உடலில் இரத்தசோகை ஏன்? கொழுப்புத் திசு பெருகும்போது உடலில் மெல்லிய அழற்சி நிலைத்திருக்கிறது. அது கல்லீரலில் ஹெப்சிடின் என்ற ஹார்மோனைக் கூட்டுகிறது. ஹெப்சிடின் கூடினால் குடல் இரும்பை உள்ளே விடாது. ஏற்கெனவே உணவில் இரும்பு இல்லை, வருவதும் உள்ளே போவதில்லை, போதாக்குறைக்குச் சாப்பாட்டோடு டீ. இரும்பு மாத்திரை கொடுத்தும் ஏறவில்லை என்றால் மாத்திரையை டீயோடு விழுங்குகிறாரா என்று கேளுங்கள். ஒன்றிரண்டு மணி நேரம் இடைவெளி வேண்டும்.

மூன்றாவது கேள்வியில் நான் தயங்குகிறேன். பசிதான் பருமனுக்குக் காரணம் என்று உறுதியாகச் சொல்ல என்னால் முடியாது. அமெரிக்க ஆய்வுகளில் உணவுப் பாதுகாப்பற்ற வீட்டுப் பெண்களிடம் பருமன் அதிகம் என்பது பலமுறை தென்பட்டிருக்கிறது. ஆண்களிடமும் குழந்தைகளிடமும் அது அப்படித் தெளிவாக இல்லை. நம் நாட்டிலோ இன்னும் வசதியான வீடுகளில்தான் பருமன் கூடுதல்.

புள்ளியியல் ஆசிரியர்

மருத்துவர் ஐயா கடைசியில் சொன்னதை இன்னும் ஒரு படி கொண்டுபோக விரும்புகிறேன். 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டுப் பெண்களில் 40.4 விழுக்காட்டினருக்குப் பி.எம்.ஐ. 25 அல்லது அதற்கு மேல். ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் 25 விழுக்காட்டினருக்கு வயதுக்குரிய உயரம் இல்லை. இரண்டுக்கும் ஒரு தொடர்பும் இல்லை என்றே வைத்துக்கொள்வோம். அப்போதும் தற்செயலாகவே பத்தில் ஒரு தாய்–சேய் இணையில் இரண்டும் சேர்ந்து வரும், 0.4ஐ 0.25ஆல் பெருக்கினால் வருவது அதுதான். ஆகவே செவிலியர் அம்மா பார்த்த வீடு அதிசயமான வீடு அன்று. ஒரே அடுப்பு இரண்டையும் உண்டாக்கியது என்று சொல்ல, பத்து விழுக்காட்டைவிட அதிகமாகச் சேர்ந்து வருகிறது என்று காட்ட வேண்டும்.

நகர்ப்புறச் செவிலி (திருப்பூர்)

ஐயா, உங்கள் கணக்கை நான் மறுக்கவில்லை. ஆனால் நான் எண்ணிக்கையை வைத்துப் பேசவில்லை. அந்த வீட்டில் வழி தெரிகிறது. ஒரே ஐந்து ரூபாய், ஒரே சர்க்கரை டப்பா, ஒரே வெள்ளிக்கிழமை. அதே டீயும் பிஸ்கட்டும் தாயின் உடலில் கொழுப்பாகிறது, குழந்தையின் வயிற்றில் சோற்றின் இடத்தைப் பிடிக்கிறது. இரண்டும் தற்செயலாக அருகருகே நின்றாலும் இரண்டுக்கும் தண்ணீர் ஊற்றுவது ஒரே குடம்தானே?

புள்ளியியல் ஆசிரியர்

வழி இருக்கலாம் என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்த வழியே காரணம் என்றால், அடுத்த வீட்டில் அதே சர்க்கரை டப்பா இருந்தும் தாய் மெலிந்திருப்பது ஏன் என்ற கேள்விக்குப் பதில் தேட வேண்டியிருக்கும். அதே ஆய்வில் 12.6 விழுக்காட்டுப் பெண்கள் இன்னும் எடை குறைந்தவர்கள். இதில் நாம் இருவரும் முழுதாக உடன்படப் போவதில்லை.

தறிக்காரர் (பல்லடம்)

நான் சிறுதானியத்தை விடப் போவதில்லை. ஆனால் ஒன்றரை ஷிப்ட் முடிந்து வருகிறவர் கம்பங்கூழ் காய்ச்ச எப்போது நேரம் ஒதுக்குவார் என்று நான் யோசிக்கவில்லை, அதை ஒப்புக்கொள்கிறேன். குழந்தைக்கு இப்போது என்ன கொடுக்கலாம்? ஊட்டச்சத்து மாவு டப்பா, நிறைய நெய், இரண்டு மடங்கு சோறு என்று கொடுத்து உயரத்தை ஈடுசெய்துவிடலாமா?

சமூக மருத்துவர்

அதைத்தான் செய்யக் கூடாது, ஐயா. இரண்டு வயதுக்குப் பிறகு வெறும் கலோரியை ஏற்றினால் எடை ஏறும், உயரம் அவ்வளவாக ஏறாது. இந்தியா உட்பட ஐந்து நாடுகளில் பிறந்தது முதல் பின்தொடர்ந்த குழுக்களில், பிற்காலக் குழந்தைப் பருவத்தில் எடை மட்டும் வேகமாகக் கூடியவர்கள் பெரியவர்களானபோது கொழுப்பு கூடியவர்களாகவே இருந்தார்கள். இந்தக் குழந்தை அவள் அம்மாவின் இடத்தை நோக்கி நடக்கத் தொடங்கிவிடுவாள். சர்க்கரை கலந்த மாவு டப்பாவைவிட அங்கன்வாடியில் கொடுக்கும் முட்டை அவளுக்கு மேல். பாட்டியால் கொண்டுபோய் விட முடியாத நாட்களுக்கு அண்டை வீட்டார் யாரையாவது ஏற்பாடு செய்யுங்கள். அந்த வீட்டில் நான் முதலில் மாற்றப் பார்ப்பது அதைத்தான். பத்தரை மணிப் பொட்டலம் போனால் மதியச் சோறு தானாக உள்ளே போகும். மூன்று மாதத்துக்கு ஒரு முறை உயரத்தை அளங்கள். இந்த வயதில் ஆண்டுக்கு ஆறேழு செ.மீ. வளர வேண்டும், ஆகவே மூன்று மாதத்தில் ஒன்றரை செ.மீ.க்குக் குறையாமல் கூடுகிறதா என்று பாருங்கள். குடல் பூச்சிக்கான மருந்தும் மறக்க வேண்டாம்.

ஓவர்லாக்_அக்கா

இவ்வளவு பேர் இவ்வளவு நேரம் எழுதியதற்கு நன்றி. ஆனால் எனக்கு வியாழனும் வெள்ளியும்தான் கேள்வி. முட்டை வாங்க அன்றைக்குக் காசு இருக்காதே?

நகர்ப்புறச் செவிலி (திருப்பூர்)

அதனால்தான், அக்கா, வாங்கும் நாளை மாற்றிப் பார்க்கச் சொல்கிறேன். கெட்டுப்போகாத புரதத்தைச் சனிக்கிழமையே, பரோட்டாவுக்கு முன்னால், வாங்கிவிடுங்கள். பன்னிரண்டு முட்டை, அரைக் கிலோ கொண்டைக்கடலை, கால் கிலோ நிலக்கடலை, கொஞ்சம் நெத்திலிக் கருவாடு. புதன் இரவு கடலையை ஊறவைத்தால் வியாழன் காலை வெந்துவிடும். நாலு முட்டையை வெள்ளிக்கிழமைக்கு என்று தனியாக எடுத்து வைத்துவிடுங்கள், அதில் ஒன்று உங்களுக்கு. பிள்ளைகளுக்குப் போட்டுவிட்டு மீதி உங்களுக்கு என்ற கணக்கு வேண்டாம். டீயை ஐந்திலிருந்து மூன்றாக்கி, சர்க்கரையைப் பாதியாக்குங்கள். ஒரு வாரத்தில் மிச்சமாகும் சர்க்கரையை அளந்து பாருங்கள்.

வேலை மூன்று நாளாகக் குறையும் வாரத்தில் இதுவும் நடக்காது என்பது எனக்குத் தெரியும். அதற்கு என்னிடம் பதில் இல்லை.

ஓவர்லாக்_அக்கா

கடலையும் முட்டையும் இந்தச் சனிக்கிழமை வாங்குகிறேன். கருவாடு மட்டும் முடியாது. வாசம் வந்தால் வீட்டு ஓனர் காலி பண்ணச் சொல்லிவிடுவார், போன வீட்டில் அப்படித்தான் ஆனது. அதற்குப் பதிலாக வேறு என்ன வாங்கலாம் என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள். பையனை நாளை காலை நானே சுவரோரம் நிறுத்தி அளக்கப் போகிறேன். அவனுக்கு ஐந்து வயது நிறைந்துவிட்டது, எத்தனை செ.மீ. இருக்க வேண்டும்?

சமூக மருத்துவர்

ஐந்து வயது ஆண் குழந்தைக்கு 110 செ.மீ. நடுவளவு; 100.7க்குக் கீழே இருந்தால் செவிலியரிடம் காட்டுங்கள். செருப்பில்லாமல், தலைக்கு மேல் ஒரு தடித்த புத்தகத்தைச் சுவரில் செங்குத்தாகப் படும்படி வைத்து, அதன் அடிவிளிம்பில் பென்சிலால் கோடு போட்டு அளங்கள். கோட்டின் பக்கத்தில் தேதியையும் எழுதி வையுங்கள்.